ஒப்பிடாமலே வரும் வரிசை

எட்டு எண்களை ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால் எவரும் இரண்டிரண்டாக எடுத்து, எது சிறியது என்று பார்த்துத்தான் அடுக்குவார்கள். வேறு வழி இருப்பதாகத் தோன்றாது. ஆனால் கணினி நிரல் எழுதுகிறவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு நடை இருக்கிறது. அந்த நடையில் போகும் நிரல் ஓர் எண்ணையும் இன்னொன்றோடு ஒப்பிடுவதில்லை. எண் பெரியதா சிறியதா என்ற கேள்வியே அதற்கு எழுவதில்லை. வழியில் கண்டதை எழுதிக்கொண்டே போகிறது. நடந்து முடித்ததும் பட்டியல் பிசகில்லாத ஏறுவரிசையில் இருக்கிறது. அந்த நடைக்கு இன்ஆர்டர் என்று பெயர். நடக்கும் இடம் தேடல் மரம்.

இது எப்போதும் நடக்குமா, அல்லது பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் மரங்களில் மட்டும் நடக்குமா? எப்போதும் நடக்கும். அதை நிரூபிக்கவும் முடியும். நிரூபணம் பத்து வரிக்குள் அடங்கிவிடும் என்றாலும், அதில் ஒரு சொல்லை அலட்சியமாக வாசித்தால் தவறான நிரல் எழுதிவிடுவோம். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு மரத்தைக் கட்டுவோம். எண்கள் வரும் வரிசை இது: 52, 31, 78, 12, 44, 63, 40, 47. முதலில் வந்த 52 வேராக நிற்கிறது. (கணினி மரங்கள் தலைகீழானவை, வேர் மேலே இருக்கும்.) அடுத்து வரும் ஒவ்வொரு எண்ணும் வேரிலிருந்து இறங்கத் தொடங்கும். நிற்கும் எண்ணைவிடச் சிறியதென்றால் இடப்பக்கம், பெரியதென்றால் வலப்பக்கம். காலி இடம் கிடைத்ததும் அங்கே உட்கார்ந்துகொள்ளும். 40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 52-ஐவிடச் சிறியது, இடப்பக்கம். அங்கே 31 இருக்கிறது. அதைவிடப் பெரியது, வலப்பக்கம். அங்கே 44, அதைவிடச் சிறியது, இடப்பக்கம். காலி. அங்கேயே 40 அமர்கிறது. எட்டும் வந்து சேர்ந்தபின் மரம் இப்படி இருக்கும்:

```
            52
          /    \
        31      78
       /  \    /
     12   44  63
         /  \
       40    47
```

மரம் கட்டும்போது மொத்தம் 14 ஒப்பீடுகள் நடந்திருக்கின்றன. இனி ஒன்றுகூட நடக்கப்போவதில்லை.

இன்ஆர்டர் நடையின் விதி இதுதான்: முதலில் இடக்கிளை முழுவதையும் முடி, பிறகு நிற்கும் இடத்து எண்ணை எழுது, பிறகு வலக்கிளை முழுவதையும் முடி. இடக்கிளைக்குள் நுழைந்தால் அங்கும் இதே விதிதான். கிளை காலியாக இருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, திரும்பிவிடலாம். பைத்தான் மொழியில் எழுதினால் நான்கே வரி:

```python
def inorder(t):
    if t is None:
        return []
    return inorder(t.left) + [t.key] + inorder(t.right)
```

எங்கேயாவது `<` குறி தென்படுகிறதா பாருங்கள். இல்லை. நமது மரத்தில் இந்த நடை 52-லிருந்து 31-க்கும், 31-லிருந்து 12-க்கும் இறங்குகிறது. 12-க்கு இடப்புறம் காலி, ஆகவே முதலில் எழுதப்படுவது 12. அதன் வலப்புறமும் காலி. 31-க்குத் திரும்பி அதை எழுதுகிறது. பிறகு 44-ன் கிளைக்குள் போய் 40, 44, 47 என்று எழுதி மீள்கிறது. அத்துடன் 52-ன் இடக்கிளை முடிந்தது; 52 எழுதப்படுகிறது. கடைசியாக வலக்கிளையிலிருந்து 63, 78. பட்டியல்: 12, 31, 40, 44, 47, 52, 63, 78.

இந்த ஒரு மரத்தில் சரியாக வந்தது. ஆனால் மரங்களுக்கு எண்ணிக்கை இல்லை. எத்தனை மரங்களில் சோதித்தாலும், சோதிக்காத மரம் ஒன்று மிச்சமிருக்கும். எல்லா மரத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் பேச, பள்ளிக் கணக்கில் வரும் தொகுத்தறிதல் முறை உதவுகிறது.

பள்ளியில் படித்த தொகுத்தறிதல் எண்களின் மேல் ஏறும். ஒன்றுக்கு உண்மை, k-க்கு உண்மையானால் k+1-க்கும் உண்மை, ஆகவே எல்லா எண்ணுக்கும் உண்மை. மரத்தில் இந்த ஏணி அப்படியே பொருந்தாது. எட்டு எண்கள் கொண்ட நம் மரத்தின் வேரை எடுத்துவிட்டால் ஏழு எண்கள் கொண்ட ஒரு மரம் கிடைப்பதில்லை. ஐந்து எண்கள் கொண்ட மரம் ஒன்றும், இரண்டு எண்கள் கொண்ட மரம் ஒன்றுமாக இரண்டு கிடைக்கின்றன. ஆகவே இங்கே தொகுத்தறிதலை இப்படி வைத்துக்கொள்கிறோம்: காலி மரத்துக்குக் கூற்று உண்மை என்று காட்டுவோம். பிறகு, ஒரு மரத்தின் இடக்கிளைக்கும் வலக்கிளைக்கும் கூற்று உண்மையானால் அந்த மரத்துக்கும் உண்மை என்று காட்டுவோம். எந்த மரமானாலும் அதன் கிளைகள் அதைவிடச் சிறியவை. கிளைக்குக் கிளை என்று இறங்கிக்கொண்டே போனால் எப்படியும் காலி மரத்தில்தான் போய் முடியும். அங்கிருந்து உண்மை மேலே ஏறி வரும். நிரல்களைப் பற்றிய கூற்றுகளை இந்த முறையில் நிரூபிப்பதைப் பற்றி ராட் பர்ஸ்டால் 1969-ல் ‘கம்ப்யூட்டர் ஜர்னல்’ இதழில் எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. மேலே உள்ள நிரலின் அமைப்பும் நிரூபணத்தின் அமைப்பும் ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள். நிரல் காலி மரத்தில் நிற்கிறது. நிரூபணம் அங்கிருந்து தொடங்குகிறது.

தொடக்கப் படியாக ஒற்றை எண் மரத்தை எடுக்காமல் காலி மரத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். படத்தில் 78-ஐப் பாருங்கள். அதற்கு இடப்புறம் 63 இருக்கிறது, வலப்புறம் ஒன்றுமில்லை. ஒற்றை எண்ணிலிருந்து தொடங்கினால் இதுபோன்ற ஒரு பக்கம் மட்டும் கிளை உள்ள இடங்களுக்கெல்லாம் தனித்தனியே வாதம் எழுத வேண்டிவரும். காலியையும் ஒரு மரமாக ஏற்றுக்கொண்டால் எல்லா எண்ணுக்கும் தவறாமல் இரண்டு கிளைகள் இருக்கும். சில காலியானவை, அவ்வளவுதான்.

இனி, நிரூபிக்க வேண்டிய கூற்று என்ன? ‘பட்டியல் ஏறுவரிசையில் இருக்கும்’ என்பதுதானே என்று சொல்லத் தோன்றும். அது போதாது. எந்த மரத்தைக் கொடுத்தாலும் வெறும் பட்டியலைத் திருப்பித்தரும் ஒரு சோம்பேறி நிரலை எண்ணிப்பாருங்கள். வெறும் பட்டியலில் வரிசை தப்பியதென்று எவராலும் குற்றம் சொல்ல முடியாது! ஆகவே கூற்றை இரண்டு பகுதியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, பட்டியலில் இருப்பவை அந்த மரத்தின் எண்களே; எல்லாம் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரே தடவை இருக்கும், வெளியிலிருந்து எதுவும் வராது. இரண்டு, அவை ஏறுவரிசையில் இருக்கும். முதல் பகுதி வெறும் சம்பிரதாயம்போலத் தெரியும். ஆனால் அது இல்லாமல் இரண்டாம் பகுதியை நிரூபிக்க முடியாது.

காலி மரத்துக்கு இரண்டுமே உண்மை. எண் ஏதும் இல்லை, பட்டியலும் வெறுமை.

இப்போது r என்ற எண்ணை வேராகவும், L என்ற இடக்கிளையும் R என்ற வலக்கிளையும் கொண்ட ஒரு தேடல் மரத்தை எடுப்போம். தேடல் மரம் என்றால் என்ன என்பதை இங்கேதான் துல்லியமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணிலும், அதன் இடக்கிளையில் உள்ள *எல்லா* எண்களும் அதைவிடச் சிறியவை, வலக்கிளையில் உள்ள *எல்லா* எண்களும் அதைவிடப் பெரியவை. மரத்தின் ஒவ்வோர் எண்ணுக்கும் இந்த நிபந்தனை பொருந்துவதால், L-க்குள் இருக்கும் எண்களுக்கும் பொருந்தும். ஆகவே L தானே ஒரு தேடல் மரம், R-ம் அப்படியே. அவை சிறிய மரங்கள் என்பதால் நம் கூற்று அவற்றுக்கு உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம்.

முழு மரத்தின் பட்டியல் என்பது L-ன் பட்டியல், பிறகு r, பிறகு R-ன் பட்டியல். முதல் பகுதி எளிது: மரத்தின் எந்த எண்ணும் L-ல் இருக்கும், அல்லது r ஆக இருக்கும், அல்லது R-ல் இருக்கும். மூன்றும் ஒருமுறை எழுதப்படுகின்றன. இரண்டாம் பகுதிக்கு, பட்டியலில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக ஏதேனும் இரண்டு எண்களை எடுப்போம். A முன்னால், b பின்னால். a சிறியது என்று காட்டினால் போதும். இரண்டும் L-ன் பட்டியலில் இருந்தால் அது ஏற்கெனவே ஏறுவரிசை. ஆகவே a சிறியது. இரண்டும் R-ன் பட்டியலில் இருந்தாலும் அதேதான். a L-ன் பட்டியலிலிருந்து வந்து b என்பது r ஆனால்? கூற்றின் முதல் பகுதி கைகொடுக்கும் இடம் இது. L-ன் பட்டியலில் இருப்பதால் a உண்மையிலேயே L-ல் உள்ள எண். L-ல் உள்ள எல்லா எண்களும் r-ஐவிடச் சிறியவை. ஆகவே a சிறியது. a என்பது r ஆகி b R-லிருந்து வந்தாலும் இதே வாதம். கடைசியாக a L-லிருந்தும் b R-லிருந்தும் வந்தால், a r-ஐவிடச் சிறியது, r b-ஐவிடச் சிறியது, ஆகவே a b-ஐவிடச் சிறியது. வேறு வகை கிடையாது. நிரூபணம் முடிந்தது.

இதில் மரத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அகலமாகப் படர்ந்திருந்தாலும், ஒரே கோடாக வளர்ந்திருந்தாலும் ஏறுவரிசை நிச்சயம். வடிவம் பாதிப்பது உழைப்பைத்தான். அதே எட்டு எண்களும் 12, 31, 40 என்று ஏற்கெனவே வரிசையில் வந்திருந்தால் ஒவ்வொன்றும் முந்தையதன் வலப்புறம் போய்த் தொங்கும். மரம் கோடாகிவிடும். கட்டுவதற்கு 14-க்குப் பதில் 28 ஒப்பீடுகள் தேவைப்படும். நடையிலும் சிக்கல் வரலாம்: பைத்தானில் ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைத்துக்கொண்டு போகும் ஆழத்துக்கு வழக்கமாக 1000 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சில ஆயிரம் எண்கள் வரிசையாக வந்து கோடாகிப்போன மரத்தில் மேலே உள்ள நிரல் `RecursionError` என்று சொல்லி நின்றுவிடும். கணிதம் பொய்க்கவில்லை, இயந்திரத்துக்கு ஆழம் தாங்கவில்லை.

இப்போது ‘எல்லா’ என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். தேடல் மரத்தை விளக்குகிறவர்கள் பலர், “இடப்பக்கப் பிள்ளை சிறியது, வலப்பக்கப் பிள்ளை பெரியது” என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கிறது. ஒரு மரம் தேடல் மரம்தானா என்று சோதிக்கும் நிரல் எழுதச் சொன்னால், பழகாத கை இந்தச் சுருக்கத்தைத்தான் நிரலாக்கும். ஒவ்வோர் எண்ணையும் அதன் நேர்ப்பிள்ளைகள் இரண்டோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று முத்திரை குத்திவிடும்.

நம் மரத்தில் ஒரு குறும்பு செய்வோம். 47 இருந்த இடத்திலேயே அந்த எண்ணை 57 என்று திருத்திவிடுவோம். (நடைமுறையில் இப்படித்தான் மரங்கள் கெடுகின்றன. மரத்திலிருந்து பழையதை நீக்கிப் புதியதைச் சேர்க்காமல், உட்கார்ந்த இடத்திலேயே மதிப்பை மாற்றிவிடுவார்கள்.) இப்போது நேர்ப்பிள்ளைச் சோதனை என்ன சொல்லும்? 44-ன் வலப்பிள்ளை 57, 44-ஐவிடப் பெரியது, சரி. மற்ற இணைப்புகள் எதுவும் மாறவில்லை. மரம் முழுவதும் சரி என்று சோதனை தீர்ப்பளித்துவிடும். நடந்து பார்த்தாலோ 12, 31, 40, 44, 57, 52, 63, 78 என்று வருகிறது. 57-க்குப் பின்னால் 52!

நிரூபணத்தை வைத்துக்கொண்டு இந்த மரத்தில் கீழிருந்து ஏறினால், எந்தப் படியில் கால் தவறுகிறது என்பது தெரிந்துவிடும். 44-ஐ வேராகக் கொண்ட கிளையில் 40, 44, 57 இருக்கின்றன. குறையில்லாத தேடல் மரம். ஒரு படி மேலே 31-ன் கிளை: 12, 31, 40, 44, 57. அதுவும் குறையில்லாத தேடல் மரம்தான். 31-ன் வலப்புறம் உள்ளவை எல்லாம் 31-ஐவிடப் பெரியவை. 52-க்கு வரும்போதுதான், இடக்கிளையில் உள்ள எல்லாம் சிறியவை என்ற வரி பொய்யாகிறது. கெட்டது அடியில் இருந்த எண். வாதம் முறிவது உச்சியில். மாற்றிய இடத்துக்கு அக்கம்பக்கத்தில் மட்டும் தேடுகிறவருக்கு இந்தப் பிழை அகப்படாது.

வரிசை தப்புவதோடு இது நிற்பதில்லை. இந்த மரத்தில் 57-ஐத் தேடுங்கள். 52-ஐவிடப் பெரியது, வலப்பக்கம், 78-ஐவிடச் சிறியது, இடப்பக்கம், 63-ஐவிடச் சிறியது, இடப்பக்கம், காலி. ‘இல்லை’ என்று பதில் வருகிறது. எண் மரத்தில்தான் இருக்கிறது.

சரியான சோதனைக்கு வழியும் இந்த நடையிலேயே இருக்கிறது. நிரூபித்த கூற்றைத் திருப்பிப் போட்டாலும் உண்மை: இன்ஆர்டர் பட்டியல் கண்டிப்பான ஏறுவரிசையில் வந்தால் அது தேடல் மரம்தான். காரணம் எளிது. எந்த எண்ணை எடுத்தாலும், அதன் இடக்கிளை முழுவதும் பட்டியலில் அதற்கு முன்னால் எழுதப்படுகிறது, வலக்கிளை முழுவதும் பின்னால். பட்டியல் ஏறுவரிசை என்றால் முன்னால் உள்ளவை எல்லாம் சிறியவை, பின்னால் உள்ளவை எல்லாம் பெரியவை. ஆகவே நடந்துகொண்டே போய், கடைசியாக எழுதிய ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்து, புதிதாக வருவது அதைவிடப் பெரியதா என்று பார்த்தால் போதும். கெட்ட மரத்தில் 52 வந்ததும் 57 நினைவில் இருக்கும், அங்கேயே பிடிபடும்.

இதே வெளிச்சத்தில் இன்னொன்றும் துலங்கும். மரம் கோடாகிவிடாமல் காக்க, அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் 1962-ல் சோவியத் ஒன்றியத்தில் ஒரு முறையை வெளியிட்டார்கள். அவர்கள் பெயரின் எழுத்துகளைக்கொண்டு அதை ஏவிஎல் மரம் என்கிறோம். ஒரு பக்கம் கனம் கூடினால் அந்த இடத்தில் மரத்தைச் சுழற்றிவிடுவார்கள். (கெடுப்பதற்கு முன்பிருந்த) நம் மரத்தை வலப்புறமாகச் சுழற்றினால் 31 வேராகிவிடும், 52 அதன் வலப்பிள்ளையாக இறங்கும், 44-ன் கிளை முழுவதும் 31-ஐ விட்டுப் போய் 52-ன் இடப்புறம் ஒட்டிக்கொள்ளும். படமாகப் பார்த்தால் பெரிய புரட்டல். வரிசையைப் பாதிக்காதா? பட்டியலாகப் பாருங்கள். சுழற்றும் முன்: (12, 31, 44-ன் கிளை), 52, 78-ன் கிளை. சுழற்றிய பின்: 12, 31, (44-ன் கிளை, 52, 78-ன் கிளை). அடைப்புக்குறி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பட்டியல் மாறவில்லை. பட்டியல் ஏறுவரிசையாகவே இருப்பதால், சற்றுமுன் பார்த்த திருப்பிப்போட்ட கூற்றின்படி, சுழன்ற மரமும் தேடல் மரமே.

கடைசியாக ஒரு வரம்பு. நிரூபணத்தில் எண்களைப் பற்றி நாம் பயன்படுத்தியது மிகக் கொஞ்சம்: எந்த இரண்டையும் ஒப்பிடலாம், a b-ஐவிடச் சிறியது, b c-ஐவிடச் சிறியது என்றால் a c-ஐவிடச் சிறியது. இந்த இரண்டும் இருந்தால் மரத்தில் எண்களுக்குப் பதில் சொற்களையும் வைக்கலாம். ஆனால் ‘சிறியது’ என்பதற்கு என்ன பொருள் என்பதை ஒப்பீட்டு விதிதான் தீர்மானிக்கிறது. மரம் அந்த விதியின்படியான வரிசையைத் தரும், நாம் மனத்தில் வைத்திருக்கும் வரிசையை அல்ல.

தமிழ்ச் சொற்களை வைத்தாலே இது தெரிந்துவிடும். அகராதியில் ழ முன்னால், ன மெய்வரிசையின் கடைசியில். ஆகவே பழம் முதலில், பனை பிறகு. யூனிகோடு அட்டவணையில் ன-வுக்கு ந-வை அடுத்து இடம் கொடுத்திருக்கிறார்கள். ழ அதற்கு வெகு பின்னால் வருகிறது. வெறும் குறியெண்களை ஒப்பிட்டு மரம் கட்டினால் பனை முதலில், பழம் பிறகு என்று பட்டியல் வரும். நிரலில் பிழையில்லை, அந்த ஒப்பீட்டின்படி அது ஏறுவரிசைதான். பிழை எப்போது வரும் என்றால், குறியெண் ஒப்பீட்டில் கட்டிய மரத்தில் அகராதி ஒப்பீட்டைக்கொண்டு தேடும்போது. பழம் வேராகவும் பனை அதன் இடப்பிள்ளையாகவும் இருக்கும் மரத்தில் பனையைத் தேடப்போனால், அகராதியின்படி பனை பின்னால் வருவது என்று வலப்பக்கம் திரும்பும். அங்கே காலி. ‘பனை இல்லை’ என்று நிரல் சொல்லும்.